வியட்நாமிய மொழியில் செயப்பாட்டு வினை: 'பி', 'டுஅக்' என்னும் இரு சொற்கள்

வியட்நாமிய மொழியில் ஒருவர் மீது ஒரு செயல் நிகழ்ந்ததைச் சொல்வதற்கு இரண்டு சொற்கள் பயன்படுகின்றன. ஒன்று 'பி', மற்றொன்று 'டுஅக்'. இலக்கண நூல்கள் இவ்விரண்டையும் செயப்பாட்டு வினையின் அடையாளங்கள் என்று குறிப்பிடுவது வழக்கம். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் வாக்கியத்தின் பொருள் மாறிவிடும். 'பி' வந்தால் அந்தச் செயல் அவருக்குத் தீங்காகவோ தொல்லையாகவோ அமைந்தது என்று பொருள். 'டுஅக்' வந்தால் அது அவருக்கு நன்மையாக அமைந்தது என்று பொருள். நடந்தது என்ன என்பதோடு, அது நல்லதா கெட்டதா என்பதையும் பேசுபவர் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, யாருடைய நன்மை தீமை கணக்கில் கொள்ளப்படுகிறது, எந்த இடத்தில் அது மங்கிப் போகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

## ஒலிப்பு பற்றிய குறிப்பு

வியட்நாமிய மொழி இலத்தீன் எழுத்துகளில் எழுதப்படுகிறது. இக்கட்டுரையில் எடுத்துக்காட்டுகள் வடபகுதி ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. 'பி' என்பதைக் 'கம்பி' என்ற சொல்லின் இறுதியில் கேட்கும் ஒலியாகப் படிக்க வேண்டும். 'டுஅக்' என்பதன் முதல் எழுத்தை 'வண்டு' என்ற சொல்லின் இறுதியில் உள்ளதுபோல் ஒலிக்க வேண்டும். அங்கே வரும் உகரம் இதழ் குவியாத உகரம். தமிழின் குற்றியலுகரத்துக்கு மிக நெருக்கமானது. இறுதிக் ககர மெய்யை வெடித்து ஒலிக்காமல் நாவோடு நிறுத்திவிட வேண்டும்.

வியட்நாமியம் தொனி மொழி. இவ்விரு சொற்களும் தாழ்ந்து சட்டென நிற்கும் ஒரே தொனியைக் கொண்டவை. எழுத்தில் உயிரெழுத்தின் கீழ் இடப்படும் ஒரு புள்ளி அதைக் காட்டுகிறது.

## வினை உருமாறாத மொழி

தமிழில் 'அடித்தான்' என்பது 'அடிக்கப்பட்டான்' என்று மாறும்போது வினைச்சொல்லின் வடிவமே மாறுகிறது. வியட்நாமிய மொழியில் அப்படி எதுவும் நிகழ்வதில்லை. அது விகுதிகள் இல்லாத தனிநிலை மொழி. காலம், எண், இடம் எவற்றுக்கும் வினைச்சொல் வடிவம் மாறாது. ஆகவே செயப்பாட்டு வினைக்கென்று ஒரு தனி வடிவமும் இல்லை.

கீழ்வரும் இரண்டு வாக்கியங்களைப் பார்க்கலாம். லான் என்பது ஒரு பெண்ணின் பெயர். 'தய்' என்றால் ஆசிரியர்.

லான் பி தய் ஃபாத். (லான் ஆசிரியரால் தண்டிக்கப்பட்டாள்.)

லான் டுஅக் தய் கென். (லான் ஆசிரியரால் பாராட்டப்பட்டாள்.)

'ஃபாத்' என்றால் தண்டி. 'கென்' என்றால் பாராட்டு. இரண்டும் அடிச்சொற்களாகவே நிற்கின்றன. இங்கே சொல் வரிசை முக்கியமானது. செய்தவரான ஆசிரியர் வினைக்குப் பின்னால் வரவில்லை. 'பி' அல்லது 'டுஅக்' என்ற சொல்லுக்கும் வினைக்கும் இடையில் நிற்கிறார். லான், பி என்ற முதலிரு சொற்களையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது 'தய் ஃபாத்', அதாவது 'ஆசிரியர் தண்டித்தார்' என்ற முழுமையான செய்வினை வாக்கியம்.

இதனால் 'பி', 'டுஅக்' என்பவை வினையோடு ஒட்டிய வெறும் அடையாளங்கள் அல்ல என்பது தெரிகிறது. அவையே வாக்கியத்தின் தலைமை வினைகள். அவற்றுக்குள் மற்றொரு வாக்கியம் அடங்கியிருக்கிறது. சொல்லுக்குச் சொல் தமிழில் கொண்டுவந்தால் முதல் வாக்கியம் 'லானுக்கு நேர்ந்தது: ஆசிரியர் தண்டித்தார்' என்றும், இரண்டாவது 'லானுக்குக் கிடைத்தது: ஆசிரியர் பாராட்டினார்' என்றும் அமையும். இந்த 'நேர்ந்தது', 'கிடைத்தது' என்னும் இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் பெரும்பாலான செய்திகள் எளிதில் விளங்கும்.

## இரு சொற்களின் முதற்பொருள்

தீமை, நன்மை என்ற சாயல் இச்சொற்களின் மீது பின்னர் வந்து படிந்தது அன்று. அவற்றின் முதற்பொருளே அதுதான்.

'டுஅக்' என்பது இன்றும் தனி வினையாக வழங்குகிறது. அதற்குப் பெறு, அடை, வெல் என்ற பொருள்கள் உண்டு. 'டுஅக் குவா' என்றால் பரிசுப்பொருள் கிடைத்தது. நெல் நன்றாக விளைந்த ஆண்டை 'டுஅக் முஅ' என்பார்கள். 'முஅ' என்றால் பருவம் அல்லது அறுவடைக் காலம். பருவம் 'கிடைத்தது' என்பது நேர்ப்பொருள். விளைச்சல் பொய்த்துப் போனால் 'மத் முஅ', அதாவது பருவத்தை 'இழந்தது' என்பார்கள். பெறுதல், இழத்தல் என்ற எதிரெதிர்ச் சொற்களில் 'டுஅக்' எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை இந்த இணை காட்டுகிறது.

'பி' என்பது சீன மொழியிலிருந்து வந்த சொல். சீனத்தில் இதற்கு இணையான எழுத்து முதலில் போர்வையையும் போர்த்துதலையும் குறித்தது. பின்னர் மேலே வந்து கவிவது, ஒன்றுக்கு உள்ளாவது, துன்பத்தை ஏற்பது என்று பொருள் விரிந்து, இறுதியில் செயப்பாட்டு வினையின் அடையாளமாக ஆயிற்று. வியட்நாமியம் இச்சொல்லை ஏற்றபோது 'உள்ளாதல்' என்ற பொருளும் கூடவே வந்தது. 'பி' தனி வினையாக வரும்போது விபத்து, நோய், காயம் போன்ற சொற்களையே தன்னுடன் சேர்த்துக்கொள்ளும். பரிசு, விடுமுறை, நல்ல விளைச்சல் ஆகியவை 'பி'யோடு சேர்வதில்லை.

செயப்பாட்டு வினையே இல்லாத இடங்களிலும் இவ்விரு சொற்களும் வருவது இவற்றின் இயல்பை நன்கு விளக்கும். 'தோய்' என்றால் நான்.

தோய் பி ஙா. (நான் விழுந்துவிட்டேன்.)

ஹோம் நய் தோய் டுஅக் ஙி. (இன்று எனக்கு விடுப்பு.)

'ஙா' என்றால் விழு. 'ஙி' என்றால் ஓய்வெடு. இரண்டும் செயப்படுபொருள் குன்றிய வினைகள். என்னை யாரும் விழச் செய்யவில்லை. செயலைச் செய்தவரும் ஏற்றவரும் நான்தான். ஆகவே இவற்றைச் செயப்பாட்டு வாக்கியங்கள் என்று கூற இயலாது. விழுதல் எனக்கு நேர்ந்தது, ஓய்வு எனக்குக் கிடைத்தது என்பதே பொருள். வண்டி பழுதானாலும் 'ஸெ பி ஹோங்' என்றே சொல்வார்கள். பழுதாக்கியவர் எவரும் அங்கே இல்லை.

## தமிழோடு ஓர் ஒப்பீடு

தமிழ் அறிந்தவர்க்கு இது முற்றிலும் புதியதன்று. தமிழிலும் செயப்பாட்டு வினை 'படு' என்ற துணைவினையால் அமைகிறது. 'துன்பப்பட்டான்', 'அடிபட்டான்', 'பட்டால்தான் தெரியும்' என்னும் வழக்குகளில் 'படு' என்பதற்குத் துன்பத்துக்கு உள்ளாதல் என்ற பொருள் இன்றும் இருக்கிறது. மறுபுறம் 'எழுதப்பெற்றது', 'வழங்கப்பெற்றது' என்று 'பெறு' என்ற துணைவினையையும் சிலர் பயன்படுத்துகின்றனர். உள்ளாதல், பெறுதல் என்ற இதே இரு வேர்களே தமிழிலும் இப்பணிக்கு வந்திருக்கின்றன.

ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தமிழில் துணைவினையாகிய 'படு' தன் துன்பப் பொருளை இழந்துவிட்டது. 'அவர் பாராட்டப்பட்டார்' என்பதில் துன்பம் எதுவும் இல்லை. 'பெறு' என்பதோ மதிப்பு அல்லது நடை கருதிய தேர்வாக மட்டுமே நிற்கிறது. 'எழுதப்பட்டது' என்றாலும் 'எழுதப்பெற்றது' என்றாலும் செய்தி ஒன்றுதான். வியட்நாமியத்தில் இந்த மங்கல் முழுமையாக நிகழவில்லை. பேச்சுத் தமிழில் 'திட்டு வாங்கினான்' என்பதற்கும் 'பாராட்டுப் பெற்றான்' என்பதற்கும் உள்ள சுவை வேறுபாட்டை எண்ணிப் பார்த்தால் 'பி', 'டுஅக்' இரண்டின் இயல்பு ஓரளவு பிடிபடும்.

இதனால்தான் தமிழ்வழியில் வியட்நாமியம் கற்பவர் 'படு' என்பதற்கு ஈடாக எப்போதும் 'பி' என்று போட்டால் தவறு நேர்கிறது. 'என் கட்டுரை வெளியிடப்பட்டது' என்பதை 'பி' கொண்டு சொன்னால், தன் கட்டுரையைத் தன் விருப்பத்துக்கு மாறாக யாரோ வெளியிட்டுவிட்டார்கள் என்று அவர் வருந்துவதாகவே கேட்பவர் கொள்வார். 'டுஅக்' என்று சொன்னால்தான் அது மகிழ்ச்சிச் செய்தியாகும்.

## ஒரே நிகழ்வு, வெவ்வேறு வாக்கியங்கள்

தண்டனை, பாராட்டு ஆகியவற்றில் நன்மை தீமை வினையிலேயே தெளிவாக இருக்கிறது. இருபக்கமும் சாயக்கூடிய வினைகளில்தான் இச்சொற்களின் ஆற்றல் வெளிப்படும். அறுவை சிகிச்சையை எடுத்துக்கொள்ளலாம். 'மோ' என்றால் அறுவை செய். 'பா' என்றால் பாட்டி அல்லது முதிய பெண்மணி.

பா டுஅக் மோ. பாட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அவர் அதற்காகக் காத்திருந்தார், வாய்ப்புக் கிடைத்தது, அது அவரைக் குணப்படுத்தும் என்ற எண்ணம் இவ்வாக்கியத்தில் உள்ளது. கண்புரையால் பார்வை மங்கி, பல வாரங்கள் வரிசையில் காத்திருந்தவரைப் பற்றி உறவினர் இப்படிச் சொல்வார்.

பா பி மோ. இங்கும் நடந்தது அதே அறுவைதான். ஆனால் பாட்டியின் உடலில் கத்தி பட்டது என்ற வருத்தம் மேலோங்கி நிற்கிறது. தேவையில்லாமல் அறுத்துவிட்டார்கள் என்று ஐயுறுபவரும் இப்படிச் சொல்லலாம்.

பா ஃபாய் மோ. இது மூன்றாவது வழி. 'ஃபாய்' என்பதற்குக் கட்டாயம் என்ற பொருள் உண்டு. வேறு வழியில்லாமல் அறுவை செய்துகொள்ள வேண்டியதாயிற்று என்பது இதன் கருத்து. நல்லதா கெட்டதா என்பதைவிடத் தவிர்க்க முடியாமை இங்கே முன்னிற்கிறது.

மருத்துவமனைப் பதிவேட்டின்படி மூன்று வாக்கியங்களும் ஒரே நிகழ்வையே குறிக்கின்றன. சொல்பவரின் மனநிலை மட்டும் வேறுபடுகிறது. வியட்நாமியக் குடும்பத்தில் இச்செய்தியைக் கேட்பவர் அடுத்து என்ன பேச வேண்டும் என்பதை இந்த ஒரு சொல்லைக் கொண்டே முடிவு செய்வார். முதல் வாக்கியத்துக்கு 'நல்லதாயிற்று' என்பது பொருத்தமான மறுமொழி. இரண்டாவதற்கு அவ்வாறு சொன்னால் மனம் புண்படும்.

எதிர்மறையில் இந்த மதிப்பீடு மறைவதில்லை, இன்னும் கூர்மையாகிறது. 'கோங்' என்றால் இல்லை. 'லான் கோங் பி ஃபாத்' என்றால் லான் தண்டனைக்குத் தப்பினாள். 'லான் கோங் டுஅக் கென்' என்றால் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பாராட்டுக் கிடைக்காமல் போயிற்று. முதலாவதில் நிம்மதி இருக்கிறது. இரண்டாவதில் ஏமாற்றம் இருக்கிறது. தீங்கு நேராமல் இருப்பது நன்மை, நன்மை கிடைக்காமல் இருப்பது தீங்கு என்ற எளிய கணக்குதான் இது. பாட்டியைப் பற்றி 'இன்னும் டுஅக் மோ ஆகவில்லை' என்ற பொருளில் சொன்னால், அவர் இன்னும் வரிசையில் காத்திருக்கிறார் என்று கேட்பவர் புரிந்துகொள்வார்.

## யாருடைய நன்மை, யாருடைய தீமை?

திருடன் பிடிபட்டால் ஊருக்கு நன்மை. அப்படியானால் அங்கே 'டுஅக்' வர வேண்டுமா? வராது. 'கெ சோம் பி பத்' என்றே சொல்ல வேண்டும். 'கெ சோம்' என்றால் திருடன்; 'பத்' என்றால் பிடி. பிடித்த காவலரும், பொருளைப் பறிகொடுத்தவரும், செய்தியைப் படித்து மகிழ்பவரும் எல்லோரும் 'பி' என்றே சொல்வார்கள். காரணம், எழுவாய் ஒரு மனிதராக இருக்கும்போது அவருடைய நிலையிலிருந்தே நன்மை தீமை அளக்கப்படுகிறது. பிடிபடுவது திருடனுக்குத் தீங்கு, ஆகவே 'பி'. அதே திருடன் விடுவிக்கப்பட்டால், ஊர் முழுவதும் வருந்தினாலும், 'டுஅக்' என்றே வரும்.

இதனால் 'பி' என்பது பேசுபவரின் இரக்கத்தைக் காட்டும் சொல் என்று கொள்வது தவறு. செயலுக்கு உள்ளானவரின் இடத்தில் நின்று பார்த்தால் அது எப்படி இருக்கும் என்பதே கேள்வி. ஆனால் அந்த இடத்தில் நின்று பார்ப்பவர் பேசுபவர்தான். அறுவை சிகிச்சை போன்று இருபக்கமும் சாயக்கூடிய செயல்களில் அவருடைய கணிப்பே முடிவாகிறது.

எழுவாய் உயிரற்ற பொருளாக இருந்தால் நிலைமை மாறும். வீட்டுக்கோ காட்டுக்கோ சொந்தமாக இன்பதுன்பம் இல்லை. அப்போது அப்பொருளோடு தொடர்புடைய மனிதர்களின் நன்மை தீமை கணக்கில் வருகிறது. வண்டி பழுதானால் துன்பம் வண்டியை ஓட்டுபவருக்கு. சிக்கல் ஒன்று தீர்க்கப்பட்டால் அங்கே 'டுஅக்' வரும். நன்மை அச்சிக்கலில் அகப்பட்டிருந்தவர்களுக்கு.

இங்குதான் சொல் தேர்வு ஒரு சார்பை வெளிப்படுத்துகிறது. சாலை அகலப்படுத்துவதற்காக வீடுகளை அகற்றி நிலத்தைக் காலி செய்வதை வியட்நாமில் 'ஸாய் துஆ' என்பார்கள். வீட்டை இழந்தவர் தன் வீடு 'பி ஸாய் துஆ' ஆயிற்று என்பார். பணியை முடித்தவர் நிலம் 'டுஅக் ஸாய் துஆ' ஆயிற்று என்று எழுதலாம். இரண்டும் இலக்கணப்படி சரியானவை. ஒன்று வீட்டுக்காரரின் பக்கம் நிற்கிறது. மற்றொன்று சாலையின் பக்கம் நிற்கிறது. காட்டில் மரங்கள் வெட்டப்பட்டதைச் செய்தியாளர் ஒருவர் எழுதும்போதும் இதே தேர்வை எதிர்கொள்கிறார். தமிழில் 'மரங்கள் வெட்டப்பட்டன' என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். வியட்நாமியத்தில் அவ்விரு சொற்களில் ஒன்றை எழுதிய உடனேயே அவர் நிலைப்பாடு தெரிந்துவிடும்.

## நடுநிலையாகச் சொல்லும் வழிகள்

எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே பேச வேண்டுமா என்ற கேள்வி எழலாம். வேண்டியதில்லை, மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, எந்த அடையாளமும் இல்லாமல் சொல்வது. 'ஞா நய் ஸய் நம் 1990' என்ற வாக்கியத்தில் 'இந்த வீடு, கட்டு, ஆண்டு 1990' என்ற சொற்கள் மட்டுமே உள்ளன. வீடு தானாகக் கட்டாது என்பது எவருக்கும் தெரியும். ஆகவே 'இந்த வீடு 1990இல் கட்டியது' என்று எளிதாகப் பொருள்படுகிறது. தமிழ்ப் பேச்சு வழக்கிலும் 'இது தாத்தா காலத்தில் கட்டிய வீடு' என்றுதான் சொல்கிறோம், 'கட்டப்பட்ட' என்பதில்லை.

இரண்டாவது, செய்தவரைச் சொல்ல வேண்டுமானால் 'ஸோ' என்ற சொல்லைப் பயன்படுத்துவது. வியட்நாமின் புகழ்பெற்ற காப்பியமான 'கியெவ் கதை'யைப் பற்றிச் சொல்லும்போது 'சுயென் கியெவ் ஸோ நுயென் ஸு வியெத்' என்பார்கள். நுயென் ஸு என்பது கவிஞரின் பெயர்; 'வியெத்' என்றால் எழுது. கியெவ் கதையை எழுதியவர் நுயென் ஸு என்ற தகவல் மட்டும் இங்கே உள்ளது. எந்தச் சாயலும் இல்லை.

மூன்றாவது, எழுத்து நடையில் 'டுஅக்' என்பதையே நடுநிலையாகப் பயன்படுத்துவது. 'வன் மியெவ் டுஅக் ஸய் நம் 1070' என்பது பாடநூல் நடை. ஹனோயில் உள்ள இலக்கியக் கோயில் 1070இல் கட்டப்பட்டது என்பது இதன் பொருள். யாருக்கு என்ன நன்மை என்று இங்கே எவரும் எண்ணுவதில்லை. அறிவியல், வரலாறு, செய்முறை விளக்கம் ஆகியவற்றை எழுதும்போதும் ஐரோப்பிய மொழிகளிலிருந்து மொழிபெயர்க்கும்போதும் இப்பயன்பாடு மிகுதி. அந்நடையில் செய்தவரை 'பெய்' என்ற சொல்லோடு வினைக்குப் பின்னால் வைக்கும் வழக்கமும் காணப்படுகிறது. பேச்சில் அது மொழிபெயர்ப்பு வாடை கொண்டதாகவே கேட்கும்.

இவ்வாறு 'டுஅக்' மங்கியிருக்க, 'பி' மங்காமல் நிற்பது கவனிக்கத் தக்கது. நல்லதற்கும் பொதுவானதற்கும் 'டுஅக்' போதும்; தீயதற்கு மட்டும் தனி அடையாளம் தேவைப்படுகிறது. ஆகவே எது என்று தெரியாத இடத்தில் 'டுஅக்' என்று எழுதினால் பெரும்பாலும் பிழையாகாது. ஆனால் கொலை, நோய், விபத்து, தண்டனை ஆகியவற்றில் அந்த விதி உதவாது. ஒருவர் கொல்லப்பட்டார் என்பதை 'டுஅக்' கொண்டு எழுதினால், கொலை அவருக்குக் கிடைத்த பேறு என்றாகிவிடும். அயல்மொழிச் செய்தியை மொழிபெயர்க்கும் தொடக்க நிலை மாணவர்கள் இந்தப் பிழையில் விழுவதுண்டு.

## நகைச்சுவையில் 'பி'

ஒரு விதி எவ்வளவு உறுதியானது என்பதை அது வேண்டுமென்றே மீறப்படும் இடத்தில் காணலாம். பாராட்டு என்ற வினையோடு 'பி' சேர்த்து, தனக்குப் பாராட்டு 'நேர்ந்துவிட்டது' என்று ஒருவர் சொன்னால், அவர் கூச்சப்படுகிறார் அல்லது அந்தப் பாராட்டில் ஏதோ உள்நோக்கம் இருப்பதாகக் கருதுகிறார் என்று பொருள்.

இதைவிட வேடிக்கையானது 'ஹெய் பி' என்ற பேச்சு வழக்கு. 'ஹெய்' என்றால் சற்று. 'ஙோன்' என்றால் சுவையான. உணவைப் பற்றி 'ஹெய் பி ஙோன்' என்றால் சொல்லுக்குச் சொல் 'சற்றே சுவைக்கு உள்ளாகியிருக்கிறது' என்று வரும். உண்மையில் 'அருமையாக இருக்கிறது' என்பதை விளையாட்டாகச் சொல்லும் முறை இது. தீங்குக்குரிய சொல்லை நல்லதன் முன் வைப்பதால்தான் சிரிப்பு வருகிறது. 'பி' தன் பழைய பொருளை இழந்திருந்தால் இந்த வேடிக்கைக்கு இடமிருக்காது.

## 'டுஅக்' சொல்லின் பிற பயன்பாடுகள்

கற்பவரைக் குழப்பும் மற்றொரு செய்தி, 'டுஅக்' செயப்பாட்டு வினையோடு நின்றுவிடுவதில்லை என்பது. வினைக்கு முன்னும் பின்னும் அது வரலாம். இடம் மாறினால் பொருளும் மாறும். 'டி' என்றால் போ.

தோய் டுஅக் டி. (எனக்குப் போக அனுமதி கிடைத்தது.)

தோய் டி டுஅக். (என்னால் போக முடியும்.)

முன்னால் வந்தால் பிறர் தரும் வாய்ப்பு. பின்னால் வந்தால் தன்னால் இயலும் ஆற்றல். இரண்டுக்கும் அடியில் 'பெறுதல்' என்ற பொருளே இருக்கிறது. ஒன்றில் பெறுவது வாய்ப்பை. மற்றொன்றில் பெறுவது செயலின் பயனை. பொது இடங்களில் காணப்படும் 'கோங் டுஅக் ஹூத் துஓக்' என்ற அறிவிப்புக்குப் 'புகைபிடிக்கக் கூடாது' என்று பொருள். புகைபிடிப்பது உங்களுக்குக் கிடைக்காது, அதாவது அனுமதி இல்லை என்பது அதன் உட்பொருள். ஒருவர் கேட்டதற்கு 'டுஅக்' என்று மட்டும் மறுமொழி சொன்னால் 'சரி, ஆகலாம்' என்று பொருள்.

'பி' இவ்வாறு வினைக்குப் பின்னால் வருவதில்லை. தீங்கு ஒருவருக்கு வெளியிலிருந்து நேர்வது; அதை முயன்று அடையும் ஆற்றலாகச் சொல்ல இடமில்லை.

## இது செயப்பாட்டு வினைதானா?

இவ்வளவையும் பார்த்த பிறகு, வியட்நாமியத்தில் செயப்பாட்டு வினை என்று ஒன்று உண்டா என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. அறிஞர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்க மொழியியலாளர் லாரன்ஸ் தாம்சன் 1965இல் வெளியிட்ட வியட்நாமிய இலக்கணத்தில் இச்சொற்களை ஏதோ ஒன்றுக்கு ஆட்படுதலைக் குறிக்கும் தனி வினைவகையாகக் கொண்டார். வியட்நாமிய மொழியியலாளர் காவ் சுவான் ஹாவ் 1991இல் வெளிவந்த தம் நூலில், அம்மொழியின் வாக்கியம் எழுவாய், பயனிலை என்ற அமைப்பைவிடப் பேசுபொருள், அதைப் பற்றிய கூற்று என்ற அமைப்பாலேயே நன்கு விளங்கும் என்று வாதிட்டார். அப்படிப் பார்த்தால் மேலே கண்ட வீட்டைப் பற்றிய வாக்கியத்தில் செயப்பாட்டு வினையைத் தேட வேண்டிய தேவையே இல்லை. வீடு பேசுபொருள்; 1990இல் கட்டியது என்பது அதைப் பற்றிய கூற்று.

வேறு சிலர், தலைமை வினையாக இருந்த இச்சொற்கள் மெல்ல மெல்ல இலக்கண அடையாளங்களாக மாறிவருகின்றன என்று கருதுகின்றனர். இலக்கியக் கோயில் 1070இல் கட்டப்பட்டது என்ற வாக்கியத்தில் 'டுஅக்' பொருளற்ற அடையாளமாக நிற்பது இவர்களுக்குச் சான்று. 'நான் விழுந்துவிட்டேன்' என்பதில் 'பி' முழுப்பொருளோடு நிற்பது மறுதரப்புக்குச் சான்று.

கற்பவருக்கு இவ்விவாதத்திலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. தமிழிலோ ஆங்கிலத்திலோ உள்ள செயப்பாட்டு வாக்கியத்தை வியட்நாமியத்துக்குக் கொண்டுசெல்லும்போது முதலில் 'இங்கே அடையாளச் சொல் வேண்டுமா' என்று பார்க்க வேண்டும். உயிரற்ற பொருளைப் பற்றிய வெறும் தகவலானால் பெரும்பாலும் வேண்டியதில்லை. வேண்டுமென்றால் 'இது யாருக்கு நிகழ்ந்தது, அவருக்கு இது நேர்ந்ததா, கிடைத்ததா' என்று கேட்க வேண்டும். நேர்ந்தது என்றால் 'பி'. கிடைத்தது என்றால் 'டுஅக்'. செய்தவரைச் சொல்வதானால் அந்தச் சொல்லுக்கும் வினைக்கும் இடையில் வைக்க வேண்டும். இந்த வரிசையில் எண்ணினால் பாட்டியின் அறுவை சிகிச்சையைச் சொல்லும் முன்பு, அவர் அதற்காகக் காத்திருந்தாரா, அஞ்சியிருந்தாரா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.